நிமிர்த்தி எடுத்த கிளிப்புகள்

திரையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. பூங்கொத்தை வாங்கியது. மறுபடியும் கீழே போய்விட்டது.

அது தன்னுடைய கைதான் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. வலது மணிக்கட்டில் தடித்த தோல் பட்டை வைத்த கடிகாரம். அந்தக் குடும்பத்தில் கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறவள் அவள் ஒருத்திதான். படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். மேடையில் அம்மா நிற்கிறாள், சிரிக்கிறாள், பூங்கொத்தோடு நான்கு படி இறங்குகிறாள். இறங்க இறங்க இடுப்பு மறைகிறது, தோள் மறைகிறது, கடைசியில் நரைத்த உச்சந்தலையும் திரைக்குக் கீழே முங்கிப் போகிறது, பூங்கொத்தின் நுனி மட்டும் விளிம்பில் மிஞ்சுகிறது. அம்மா இல்லாத மேடை. அந்த அநாமதேயக் கை. அடுத்த காட்சிக்கு வெட்டு.

"எப்படி இருக்கு எடிட்டரம்மா?" என்று கேட்டபடியே அவள் கணவன் இரண்டு கோப்பைக் காப்பியோடு உள்ளே வந்தான். முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனின் களை.

வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய ஸ்டுடியோ. அவன் படம் பிடிப்பான், அவள் வெட்டி ஒட்டுவாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். சொல்லப்போனால் அந்த ஒட்டு வேலையில்தான் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அவளுடைய சக்கர நாற்காலி நுழைகிற உயரத்துக்கு மேஜையைத் தச்சரிடம் சொல்லி அடித்து வைத்தவன் அவன். அலமாரிகளைக் கை எட்டும் இடத்துக்கு இறக்கியவன் அவன். அதனாலேயே இப்போது அவளால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் காலமெல்லாம் ஹெட் நர்ஸாக இருந்த அம்மா போன மாதம் ஓய்வு பெற்றாள். மருத்துவமனை அரங்கத்தில் வழியனுப்பு விழா. நடுவில் கேமரா முக்காலி போட்டு அவள் கணவன் படம் எடுத்தான். செவிலியர்கள் ஆளாளுக்குச் செல்போனில் எடுத்துத் தள்ளினார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கி, இன்று சாயங்காலம் அவள் தம்பி ஏற்பாடு செய்திருக்கும் விருந்தில் சொந்தக்காரர்கள் முன்னால் போடுவதாக ஏற்பாடு. "இந்த ஒரு படத்துல நீ கை வைக்கக் கூடாது. எடிட்டரா இல்ல, பொண்ணா உக்காந்து பாரு" என்று சொல்லி அவளை மேஜைப் பக்கமே விடாமல் தானே உட்கார்ந்து முடித்திருந்தான்.

பொண்ணாக உட்கார்ந்து பார்த்தாயிற்று.

"உக்காருங்க" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. தனியாக இருக்கும்போது அவள் அவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். செல்லம் வந்தால் 'டா'. மரியாதை ஏறினால் காய்ச்சல் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"என்ன ஆச்சு?"

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. எங்கம்மாவுக்கு ஒரே புள்ளைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"புரியல."

"புரியாதுங்க. இந்தப் படம் முழுக்க நான் எங்க இருக்கேன்னு கொஞ்சம் காட்டுங்க. தேடித்தேடிக் கண்ணு வலிக்குது."

அவன் காப்பியைக் கீழே வைத்தான். "நீ இருக்கியே! அந்த... அத்தை வந்து பூ குடுக்கறாங்களே..."

"ஆமா, இருக்கேன். மணிக்கட்டு வரைக்கும் இருக்கேன்."

படத்தை மறுபடி ஓட்டினாள். கை மேலே வந்தது. பூங்கொத்தை வாங்கியது. கீழே போனது. அவன் வாய் கொஞ்சம் திறந்தது.

"ஐயையோ" என்றான், மிக மெதுவாக.

"இந்த ஐயையோ இப்ப வருதா? எடிட் பண்றப்போ வரலையா?"

காரணத்தை அவன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவள் இல்லை. கிளிப்புகளை வரிசையாகக் கோர்க்கும் டைம்லைன் அகலவாக்கில் இருந்தது, எல்லா டிவியும் எல்லாத் திரையும் இருக்கிற மாதிரி. செவிலியர்களின் செல்போன் கிளிப்புகளோ நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. நெட்டையான படத்தை அகலமான சட்டத்துக்குள் முழுசாக நிற்க வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பாக வெற்றிடம் விழும். வெற்றிடம் வேண்டாம் என்று அகலத்துக்கு நிரம்பும்படி ஊதிப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெளியே போய்விடும். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. மூன்றில் ஒரு பங்குதான் திரையில் மிஞ்சும்.

"உன் தம்பிதான் கறுப்புப் பட்டை வரவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னான்" என்றான் அவன். "அவனோட ஆபீஸ் விழா வீடியோவுல பட்டை பட்டையா வந்து எல்லாரும் கிண்டல் பண்ணாங்களாம். அதான் புராஜெக்ட் செட்டிங்லயே ஃபில்னு போட்டுட்டேன். டைம்லைன்ல இழுத்துப் போட்டாலே எல்லாம் திரை நிறைஞ்சு வந்துடும்."

"வந்துடும். நடுப்பாகம் வரும். தலையும் இல்லாம காலும் இல்லாம வயிறு வயிறா வரும். ஆனா இங்க எல்லாருக்கும் தலை சரியா இருக்கே? மேல அளவெடுத்த மாதிரி இடம் விட்டு நிக்கறாங்களே? தானா வராதுங்க இது. நீங்க கையால படத்தைக் கீழ எறக்கியிருக்கீங்க. எறக்கறப்போ கீழ யாரு போறான்னு பாக்காமலா எறக்கினீங்க?"

அவன் எட்டி மவுஸைப் பிடிக்கப் போனான். அவள் தர மறுத்தாள். அவளே கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் எவ்வளவு நகர்த்தியிருக்கிறான் என்பது வலப்பக்கத்தில் எண்ணாகத் தெரிந்தது. முதல் கிளிப்பில் ஓர் எண். இரண்டாவதிலும் அதே எண். மூன்றாவதிலும். நிமிர்த்தி எடுத்த பதினேழு கிளிப்பிலும் இம்மி மாறாமல் அதே எண்.

அவள் கை நின்றது.

முதல் கிளிப்பை ஓட்டினாள். நான்கு செவிலியர்கள் மேடையில் வரிசையாக நின்று பாடுகிறார்கள். அதில் அவள் இருக்க நியாயமே இல்லை. அங்கே தலைகள் சரியாகத் தெரிகிற மாதிரி படத்தை இறக்கியிருக்கிறான். பிறகு அந்த ஒரு கிளிப்பின் அளவைக் காப்பி எடுத்து, மிச்சம் பதினாறையும் மொத்தமாகப் பிடித்து, பேஸ்ட். ஒரு தட்டு. வேலை முடிந்தது.

ஆக, வேண்டுமென்று தள்ளவில்லை. அவளை வெளியே தள்ளுகிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இது தெரிந்ததும் கோபம் தணியும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். மாறாக, அடுப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி குப்பென்று ஏறியது.

"பேஸ்ட் பண்ணிட்டீங்க."

"நேரம் இல்லம்மா. அந்த வாரம் ரெண்டு ஷூட் இருந்துச்சு..."

"அந்தப் பதினாறையும் ஒரிஜினல்ல ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாத்தீங்களா? டைம்லைன்ல போடறதுக்கு முன்னாடி?"

அவன் காப்பிக் கோப்பையின் காதைத் திருப்பி வைத்தான்.

"பாக்கல" என்று அவளே முடித்தாள்.

"டைம்லைன்ல போட்டுதான் பாத்தேன்" என்றான் தலையைக் குனிந்து.

"டைம்லைன்ல விழறப்பவே நான் வெளிய போயாச்சு. அப்புறம் எங்க பாக்கறது?" அவள் குரல் உயர்ந்தது. "கூலிக்கு எடிட் பண்றவன்கூட மூல கிளிப்பை ஒரு தடவை ஓட்டிப் பாப்பான். இதோ, இந்த கிளிப்பு. அந்த சிஸ்டர் நிமிர்த்தி ஆரம்பிச்சு பாதியில போனைப் படுக்க வச்சுட்டாங்க. ஜனங்க எல்லாம் செவுத்துல பல்லி மாதிரி நடந்துருப்பாங்க. அதை மட்டும் சரியா அந்த எடத்துல வெட்டி, மிச்சத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, அழகா திரை நிறைய வச்சிருக்கீங்க. அத நிமுத்தத் தெரியுது. பொண்டாட்டி காணாமப் போனது தெரியல!"

"சத்தம் போடாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்களையாவது கூப்பிட்டு நான் தெரியறேனான்னு பாக்கச் சொல்றேன்!"

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா நேத்தே அத்தைக்கும் தம்பிக்கும் அனுப்பிட்டேன். ரெண்டு பேருமே ஒண்ணும் சொல்லல. அத்தை ரெண்டு தடவை பாத்தேன்னு சொன்னாங்க."

அவள் உடனே போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா. படம் பாத்தியா?"

"பாத்தேம்மா. ரொம்ப நல்லா இருக்கு. மாப்பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கார்."

"நான் எங்கம்மா அதுல?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கழுவும் தொட்டிக்குள் வைக்கப்படும் சத்தம். பிறகு குழாயை மூடும் சத்தம்.

"மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?"

"இல்ல" என்றாள் அவனைப் பார்த்துக்கொண்டே. அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"நான் கீழ எறங்கி உங்கிட்ட வந்தேனே, அது எதுவுமே இல்லையேன்னு எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஒருவேளை அடுத்ததுல வரும், அடுத்ததுல வரும்னு கடைசி வரைக்கும் பாத்தேன். அதான் ரெண்டாவது தடவையும் பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"எப்படிம்மா கேக்கறது? மாப்பிள்ளை ராப்பகலா உக்காந்து பண்ணியிருக்கார். மாமியார்க்காரி குத்தம் சொல்றான்னு ஆயிடாதா?"

"முப்பது வருஷமா பெரிய டாக்டருங்களையே நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ நீ. மருமகன்கிட்ட வாயே வரலையா?"

"டாக்டர் வேற, மாப்பிள்ளை வேறம்மா" என்றாள் அம்மா, உலகத்திலேயே மிகத் தெளிவான விஷயத்தைச் சொல்வதுபோல. "நீயும் கேட்டு வைக்காத. அந்தக் கை தெரியுதுல்ல, எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

காப்பியில் ஆடை கட்டியிருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த ரெண்டாவது மானிட்டரைத் திருப்பு."

'திருப்பு' என்றாள், 'திருப்புங்க' என்று அல்ல. அதில் அவனுக்கு ஒரு துளி நம்பிக்கை வந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்தான். அந்த மானிட்டரின் தாங்கி சுழலக்கூடியது. திரையைத் தூக்கி, அப்படியே கால் வட்டம் சுழற்றி நெட்டுக்குத்தாக நிறுத்தினான்.

"இப்ப அந்த கிளிப்பை ஒரிஜினல்ல போடு. சின்ன சிஸ்டர் எடுத்தது. முழுசா பாரு. சத்தத்தோட. நடுவுல நிறுத்தக் கூடாது."

சின்ன சிஸ்டர் என்பது அம்மாவின் வார்டில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண். பக்கவாட்டு நடைபாதையில், மேடைக்கு அருகே நின்று எடுத்திருந்தாள். மற்றவர்கள் வாட்சப்பில் தட்டிவிட்டுச் சுருங்கிப்போன கிளிப்புகளாக அனுப்பியபோது, அவள் ஒருத்திதான் டிரைவில் ஏற்றி, குறையாத அளவில் அனுப்பியவள். "அந்தப் பொண்ணு எல்லாத்தையும் நிமுத்தியே எடுக்குது, படுக்க வச்சு எடுக்கச் சொல்லித் தரணும்" என்று அன்றைக்கு இருவரும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

படம் ஓடியது.

திரையின் உச்சியில் மேடை. அங்கே அம்மா, நான்கைந்து டாக்டர்கள். மேடையின் பலகைச் சுவர் நடுவில். அதற்குக் கீழே, தரையில், முதல் வரிசையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில் அவள். மேடையையும் தரையையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் போனை நிமிர்த்தித்தான் பிடித்தாக வேண்டும். அந்தப் பெண் தெரியாமல் எடுக்கவில்லை. தெரிந்தேதான் எடுத்திருக்கிறாள்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் குரல்: "குடும்பத்தார் எல்லாரும் மேடைக்கு வாங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

தம்பி எழுந்தான். தம்பியின் மனைவி எழுந்தாள். பக்கத்துப் படிகளில் ஏறி மேலே போனார்கள். கீழே அவள் மட்டும் இருந்தாள். சாய்தளம் எதுவும் அங்கே இல்லை. தூக்குவதற்கும் யாரும் வரவில்லை.

நாற்காலியில் இருந்தபடியே அவள் தலையைத் திருப்பினாள். அரங்கின் நடுப்பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய கணவனுக்கு அந்தத் திசையில் என்ன இருந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் முக்காலி இருந்தது. முக்காலிக்குப் பின்னால் அவன் இருந்தான்.

படத்தில் அவள் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஒரு புருவம் மட்டும், 'பாத்தியா' என்கிற மாதிரி, லேசாக உயர்ந்தது. பிறகு இறங்கியது. அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டு, மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள். அதற்குப் பிறகுதான் மேடையில் அம்மா வரிசையைவிட்டு விலகினாள். ஒரு டாக்டர் ஏதோ சொல்லித் தடுக்கப் பார்த்தார். அம்மா காதில் வாங்கவில்லை. பூங்கொத்தோடு படி இறங்கினாள். கீழே வந்து குனிந்து, மகள் உயர்த்திய கையில் கொடுத்தாள். மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மேடையில் இருந்தவர்கள் போட்டோவுக்கு நின்ற வாக்கில் அசடு வழிய நின்றார்கள்.

கிளிப் முடிந்தது.

அவன் நெட்டுக்குத்தாக நின்ற அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்னைப் பாத்த" என்றான்.

"ஆமா."

"நான் பாக்கல."

"நீ ஃபிரேம் பாத்துட்டு இருந்த. தம்பி ஓரத்துல வெட்டுப்படறான்னு கேமராவைக் கொஞ்சம் நகத்தின. அதைக்கூட நான் பாத்தேன்." குரல் நடுங்கியது. நடுங்கியதற்காக அவளுக்கு அவளிடமே எரிச்சல் வந்தது. "வந்து தூக்குன்னு சொல்லல. மேல வரணும்னு எனக்கு ஆசையும் இல்ல. நீ ஒரு தடவை கண்ணை எடுத்துப் பாத்திருந்தா போதும். நான் வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லல. வேலை செய்யற மனுஷன், கண்ணை எடுக்க முடியாது, எனக்குத் தெரியாதான்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அப்புறம் எடிட்ல பாப்பேல்ல, அப்பத் தெரியும்னு நெனச்சேன். எடிட்லயும் பாக்கல. ரெண்டு தடவை, புரியுதா? ஒரே எடத்துல என்னை ரெண்டு தடவை பாக்கல."

அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான். கையைப் பிடிக்க வந்தான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப கையைப் பிடிக்காத. கையை மட்டும் காட்டினது போதும்."

அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "மாத்திடலாம்" என்றான்.

"எப்படி மாத்துவ?"

"படம் நல்ல சைஸ்ல இருக்கு. ஊதினாலும் மங்காது. மேல மேடையில ஆரம்பிச்சு, அத்தை எறங்க எறங்க அப்படியே படத்தையும் கூட எறக்கிக் கொண்டுவந்து உங்கிட்ட முடிக்கறேன். திரை நெறைஞ்சே இருக்கும்."

தொழிலுக்குச் சரியான யோசனைதான். வேறு யாருடைய படமாக இருந்தாலும் அவளே அதைத்தான் செய்திருப்பாள். தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அதுல அவங்க மேல இருக்கறப்போ நான் இருக்க மாட்டேன். நான் வர்றப்போ அவங்க இருக்க மாட்டாங்க. அங்க ஒரே நேரத்துல இருந்தோம். மேல போட்டோவுக்குச் சிரிச்சுட்டு நிக்கறாங்க, கீழ நான் உக்காந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணாத் தெரியணும்."

"அப்ப முழுசா வச்சா ரெண்டு பக்கமும் கறுப்பு. பின்னாடி அதே படத்தை மங்கலா விரிச்சு..."

"குளிச்ச ரூம் கண்ணாடி மாதிரி ஒரு மங்கலு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இதே நேரத்துல உன் கேமரா ஓடிட்டுதானே இருந்துச்சு?"

அவன் நிமிர்ந்தான். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று பிடிபட்டுவிட்டது. எத்தனை சண்டையிலும் வேலை என்று வந்தால் இருவர் மூளையும் ஒரே பாதையில்தான் ஓடும். அதுவேறு இன்றைக்கு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"வலப்பக்கம் இது, மேல் கீழ் வெட்டாம" என்றான். "அது திரையில மூணுல ஒரு பங்கு எடம் பிடிக்கும். மிச்சம் இடப்பக்கம் என்னோட ஷாட். ரெண்டுலயும் அறிவிப்பாளர் குரல் இருக்கு. சத்தத்தை வச்சுச் சேத்துடலாம்."

"போன் கிளிப்புல படமும் சத்தமும் போகப் போக நழுவும். முதல்ல ஃபிரேம் வேகத்தை ஒரே சீரா மாத்தி எடுத்துட்டு அப்புறம் சேத்து வை."

"சரி. ஆனா என் ஷாட்ல ரெண்டு ஓரமும் போகும். பெரிய டாக்டர் பாதிதான் வருவார்."

"வரட்டும். பாதியா வந்தா எப்படி இருக்கும்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பை அப்படியே மென்று விழுங்கிவிட்டு மவுஸைப் பிடித்தான். இந்தத் தரம் அவள் கொடுத்தாள்.

ஃபில் என்றிருந்த செட்டிங்கை முதலில் மாற்றினான். பிறகு பதினேழு கிளிப்பையும் ஒவ்வொன்றாக மூலத்தில் ஓட்டி, முழுசாகப் பார்த்தான். அவள் சொல்லவில்லை. அவனாகவே பார்த்தான். எதிலும் பேஸ்ட் செய்யவில்லை. நான்காவதில் அவள் கைதட்டுவது இருந்தது. பத்தாவதில் யாரோ ஒரு குழந்தைக்குத் தன் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

"இது எப்ப நடந்துச்சு?" என்று கேட்டான்.

"உனக்குப் பின்னாடிதான். பத்தடி தள்ளி."

அவன் அடுத்த கிளிப்புக்குப் போனான். சில கிளிப்புகளுக்கு ஃபில்லே போதும், தலையும் முகமும் சரியாக வந்தன. சிலவற்றை மூன்று மூன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். மூன்று நெட்டைப் படங்கள் சேர்ந்தால் அகலத் திரை கிட்டத்தட்ட நிறைந்துவிடும், இடையில் மெல்லிய கோடு போட்டுச் சமாளிக்கலாம். அவள் வேலையைப் பற்றி மட்டும் பேசினாள். "இன்னும் கொஞ்சம் இடது." "அங்க வெட்டு." "அந்தப் பாட்டை அம்மா பேசறப்போ எறக்கு." சொற்கள் குச்சி குச்சியாக விழுந்தன.

கடைசியாக அந்தக் காட்சி. இடப்பக்கம் அவனுடைய ஷாட்: மேடை, வரிசை, சிரிப்பு, பாதி டாக்டர். வலப்பக்கம் சின்ன சிஸ்டரின் நெட்டைப் படம். இரண்டிலும் ஒரே குரல் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டது. இடப்பக்கத்தில் எல்லாரும் போட்டோவுக்குத் தோளை ஒட்டிக்கொண்டு நின்றபோது, வலப்பக்கத்தின் அடியில் அவள் தலையைத் திருப்பி, அவனுடைய ஷாட் இருந்த பக்கமாகவே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இடப்பக்கத்தில் பதிலே இல்லை. கேமரா ஒரு துளி நகர்ந்து தம்பியின் தோளைச் சரிசெய்துகொண்டது, அவ்வளவுதான். பிறகு அம்மா இடப்பக்கத்துச் சட்டத்திலிருந்து வெளியே நடந்தாள். அதே நொடி, வலப்பக்கத்தில் படி இறங்கத் தொடங்கினாள்.

"இந்த எடம்" என்றான் அவன், திரையில் தன் கேமரா நகர்வதைக் காட்டி. "நீ பாக்கறப்போ நான் நகத்தறது. இதை வெட்டிடட்டுமா? பாக்கறவங்களுக்குப் புரியாது. எனக்குத்தான்..."

"உனக்குத்தான் என்ன?"

"கேவலமா இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள். "வெட்டாத."

அவன் வெட்டவில்லை.

படத்தை ஒரே கோப்பாக்கும் ரெண்டர் ஓட ஆரம்பித்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. அவள் கணவன் ஒலிபெருக்கியில் போட்டான். விருந்து அரங்கின் இரைச்சல், நாற்காலி இழுக்கும் சத்தம், அதற்கு நடுவில் தம்பியின் அவசரக் குரல்.

"மாமா, அம்மா போன் பண்ணாங்க. அக்கா ஏதோ கோவமா இருக்காளாமே? படத்தை மாத்தறீங்களா? இப்ப போய் ஏன் மாமா? நல்லாத்தானே இருந்துச்சு!"

"மச்சான், நீ பாத்தியா முழுசா?"

"பாத்தேனே."

"அதுல உங்கக்கா எங்க?"

தம்பி யோசித்தான். "இருந்தாளே... எங்க கூடத்தானே இருந்தா அன்னைக்கு?"

அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நீ மேல போனப்போ திரும்பிக்கூடப் பாக்கலடா. இப்ப எங்ககூட இருந்தாளேங்கற. சாயங்காலம் பாரு, நான் எங்க இருந்தேன்னு. ரெண்டு கண்ணையும் நல்லாத் தொறந்து வச்சுட்டுப் பாரு. உன் பொண்டாட்டியையும் பாக்கச் சொல்லு."

"அக்கா, நான் அப்படி..."

"அந்த ஹால்ல மேடை இருக்கா?"

"ஒரு சின்ன மேடைதான். மூணு படி."

"சாய்தளம்?"

தம்பி தொண்டையைச் செருமினான். அதுவே பதிலாக இருந்தது.

"அப்ப இன்னைக்கு யாரும் மேல ஏற வேண்டாம். அம்மா நாற்காலியைத் தரையில போடு. போட்டோ தரையில. பேச்சு தரையில. மைக்கை எறக்கு. மேல ஏறி நின்னு யாராவது குடும்பத்தாரைக் கூப்பிட்டாங்கன்னு வை, நான் வந்த வழியே திரும்பிப் போயிடுவேன். அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"சரிக்கா" என்றான் தம்பி. குரல் சுருங்கியிருந்தது. பின்னணியில் யாரையோ கூப்பிட்டு, "அந்தச் சேரை எல்லாம் கீழ எறக்குங்க... ஆமா, எல்லாத்தையும்" என்று கத்துவது கேட்டது. திரும்பி வந்தவன், ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பயத்தை மட்டும் கேட்டுவிட்டான்: "மாமா, கறுப்புப் பட்டை எதுவும் வராதே?"

"வராது மச்சான்" என்றான் அவள் கணவன். "அந்த எடத்துல உங்கக்கா இருக்கா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை கோபத்துக்கு நடுவில் சிரிக்க வைத்துவிட்டானே என்று அவன்மேல் புதிதாக ஒரு கோபம் வந்தது. அதையும் பழைய கோபத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குப் புடவை எடுக்கப் போனாள்.